காற்றைப் பங்கிடுவோர்

நுழையும்முன்

மிதிவண்டிப் பந்தயம் என்றால் யார் வேகமாக ஓட்டுகிறார் என்பதே வினா எனப் பலரும் எண்ணுவர். மரத்தளம் பதித்த உள்ளரங்கில் நடைபெறும் தளப்போட்டிகளில் அதைவிடச் சுவையான வேறொரு வினா இருக்கிறது: முன்னால் நின்று காற்றை எதிர்கொள்பவர் யார்? கெய்ரின், அணித் துரத்தல், மேடிசன் ஆகிய மூன்று போட்டிகளும் அந்த வினாவுக்கு மூன்று விதமாக விடை தருகின்றன. முதன்முறை காண்போர்க்கு அவற்றை அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

ஜப்பான் நாட்டின் சிசுவோக்கா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த இசு நகரில் உள்ளது அந்த அரங்கம். 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக், பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடந்தபோது, ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரம் முழுவதும் மிதிவண்டித் தளப்போட்டிகள் அங்கே நடைபெற்றன. தொலைக்காட்சியில் முதன்முறையாக அதைக் கண்டவர்க்கு முதலில் தோன்றியது திகைப்பாகவே இருந்திருக்கும். ஏனெனில் அந்தத் தளம் தட்டையாக இல்லை. ஒரு பெரிய முட்டை வடிவக் கிண்ணத்தின் உட்சுவரைப்போல, வளைவுகளில் ஏறத்தாழ 45 பாகை அளவுக்குச் சாய்ந்து எழும்பி நிற்கிறது. நடந்து ஏற முயன்றால் கால் வழுக்கிக் கீழே வந்துவிடும். அந்தச் சுவரின்மீதுதான் வீரர்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழாமல் ஓடுகின்றனர். வேகம் இருக்கும்வரை வளைவின் விசை அவர்களைத் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது. வேகம் குறைந்தாலோ சாய்வு அவர்களைக் கீழே தள்ளிவிடும். இங்கே மெதுவாகச் செல்வதுதான் ஆபத்து.

தளத்தின் உள்விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கோடொன்று செல்கிறது. அக்கோட்டின்மீது அளந்தால் ஒரு சுற்று 250 மீட்டர். அதைவிட்டு வெளிப்புறம் நகர நகரச் சுற்றின் நீளம் கூடும். வட்டத்தின் ஆரம் ஒரு மீட்டர் கூடினால் சுற்றளவு 6.28 மீட்டர் கூடும் என்பது பள்ளிக் கணக்கு. கிடைமட்டமாக ஒரு மீட்டர் விலகி ஒரு முழுச்சுற்று ஓடும் வீரர், உள்ளே ஓடுபவரைவிட ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். மூன்று வண்டி நீளத்துக்கும் மேலான தொலைவு அது. கறுப்புக் கோட்டுக்காக நடக்கும் நெரிசலுக்கு இதுவே காரணம்.

வண்டியும் நம் தெருக்களில் ஓடுவது போன்றதன்று. அதில் பிரேக் இல்லை. கியர் மாற்றும் வசதியும் இல்லை. ஃப்ரீவீல் என்று மிதிவண்டிக் கடைக்காரர் சொல்லும் அமைப்பும் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. பிரேக் இல்லாமல் எப்படி வேகத்தைக் குறைப்பது? சாய்தளத்தின் மேற்பகுதிக்கு ஏறினால் மேடேறும் வண்டியைப்போல வேகம் தானே குறையும். மீண்டும் கீழே இறங்கினால் இழந்த வேகம் திரும்பக் கிடைக்கும். தளத்தின் சரிவுதான் அங்கே பிரேக்கும் முடுக்கியும். இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் பின்வருவன பெரும்பாலும் தாமே விளங்கும்.

காற்று என்னும் எதிரி

உள்ளரங்கில் காற்று வீசுவதில்லை. ஆயினும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவது காற்றே. அசையாமல் நிற்கும் காற்றைப் பிளந்துகொண்டு செல்வதற்குத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட விரும்புபவர், 1.1ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 1.331 மடங்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். பத்து விழுக்காட்டு வேகத்துக்கு விலை முப்பத்துமூன்று விழுக்காட்டு உழைப்பு.

ஆனால் ஒருவருக்கு மிக அருகே பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு இந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. முன்னவர் பிளந்த காற்றின் நிழலில் அவர் செல்கிறார். அதே வேகத்தில் ஓடினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் அவருக்கு மிச்சமாகிறது. மழைக்கு ஒதுங்குவதுபோல் காற்றுக்கு ஒதுங்கும் இடம் அது. ஓட்டரங்கில் உள்ள ஒவ்வொருவரும் நாடுவது அந்த இடத்தைத்தான். எல்லோரும் பின்னால் நிற்க விரும்பினால் முன்னால் செல்வது யார்? போட்டிகளின் விதிகள் எல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளன.

கெய்ரின்: முன்செல்லும் இயந்திரம்

கெய்ரினில் அந்தச் சிக்கலுக்கு முதற்பாதியில் ஓர் இயந்திரம் விடையளிக்கிறது. ஆறு அல்லது ஏழு வீரர்கள் வரிசையாகச் செல்ல, அவர்களுக்கு முன்னால் டெர்னி எனப்படும் சிறிய பொறிவண்டி ஓடுகிறது. அதன் பின்னால் யார் எந்த இடத்தில் நிற்பது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. டெர்னி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக 50 கிலோமீட்டரை எட்டுகிறது. மொத்தம் ஆறு சுற்று. மூன்று சுற்று எஞ்சியிருக்கும்போது டெர்னி தளத்தைவிட்டு விலகிவிடும். அதுவரை எவரும் அதை முந்தக்கூடாது. முந்தினால் போட்டியிலிருந்து நீக்கம். 2017இல் இப்போட்டியின் உலகப் பட்டம் வென்ற மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் முதற்சுற்றிலேயே இவ்விதியால் வெளியேற்றப்பட்டார். டெர்னி விலகும் கணத்தில் பாய்வதற்கு முனைந்தவர், ஒரு கணம் முந்திவிட்டார். பல ஆண்டுப் பயிற்சி ஒரு கணத்தில் முடிந்துபோனது.

கெய்ரின் பிறந்த நாடு ஜப்பான். போருக்குப்பின் நலிந்திருந்த நகரங்களுக்கு வருவாய் தேடும் வழியாக, பந்தயப் பணம் கட்டும் விளையாட்டாக, 1948இல் கொக்குரா நகரில் அது தொடங்கியது. இன்றும் அங்கு ஒன்பது பேர் ஓடும் தொழில்முறைப் போட்டியாகவே அது நடைபெறுகிறது. பொதுவாகத் திறந்தவெளியில், ஒலிம்பிக் தளத்தைவிட நீளமான தளங்களில் ஓடுவர். முன்செல்வது இயந்திரமன்று, மற்றொரு மிதிவண்டி வீரர். பணம் புழங்கும் விளையாட்டாதலால் முறைகேட்டைத் தடுக்கக் கட்டுப்பாடுகள் கடுமை. போட்டி நாள்களில் வீரர்கள் தனி விடுதியில் தங்கவைக்கப்படுவர். கைப்பேசியும் அவர்களிடம் இருக்காது. ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை அமைத்துக்கொள்வது அங்கே வழக்கம். வரிசையின் தலைவர் காற்றை ஏற்கிறார். பின்னிருப்பவர் பக்கவாட்டில் முந்த வருவோரைத் தடுத்து அவருக்குக் காவலாகிறார். இறுதி நூறு மீட்டரில் அந்த உறவு முடிந்து அவரவர் வெற்றி அவரவர்க்கு. யார் யாருடன் வரிசை சேர்வார் என்பது பந்தயம் கட்டுவோர்க்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு இடம்பெற்ற கெய்ரினில் இந்த வரிசை நட்பு கிடையாது. ஆறு பேரும் தனித்தனி. அதனால்தான் அங்கே ஐயமும் அச்சமும் அதிகம்.

அந்த அச்சத்தின் ஆட்டத்தை 2021 ஆகஸ்டு 8 அன்று இசு அரங்கில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆடவர் கெய்ரின் இறுதிப்போட்டி. டெர்னிக்கு நேர்பின்னால் பிரிட்டனின் ஜேசன் கென்னி. அவருக்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் மேத்யூ கிளேட்சர். டெர்னிக்குப் பின்னுள்ள முதலிடம் பொதுவாக விரும்பப்படும் இடமன்று. இயந்திரம் விலகியதும் காற்று முழுவதும் அவர்மேல் விழும். பின்னிருப்போர் அவருடைய நிழலில் காத்திருந்து கடைசிச் சுற்றில் முந்திவிடுவர். ஆகவே முதலிடத்தில் இருப்பவர் வேகத்தைத் தணித்து, பிறர் முன்வரக் காத்திருப்பதே வழக்கம்.

டெர்னி விலகும் வேளையில் கிளேட்சர் பின்னாலிருந்து யார் பாயப்போகிறார் என்பதைக் கவனித்தவாறு, கென்னிக்கும் தமக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டிருந்தார். அது தவறான முறையன்று. பின்னாலிருந்து பாய்பவரைத் தொற்றிக்கொண்டு வேகமெடுக்க அத்தகைய இடைவெளி உதவும். ஆனால் கென்னி திரும்பிப் பார்த்து அந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். காத்திருக்கவில்லை. மூன்று சுற்று, அதாவது 750 மீட்டர் எஞ்சியிருந்த நிலையிலேயே முழுவேகத்தில் பாய்ந்தார். யாருடைய நிழலும் இல்லாமல் ஏறத்தாழ 40 நொடி அவ்வாறு ஓடித் தாக்குப்பிடிப்பது இயலாத செயல் என்றே எல்லோரும் கருதினர்.

இங்கேதான் பின்னால் இருந்த ஐவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இடைவெளியை மூட ஒருவர் முன்வந்து காற்றை ஏற்க வேண்டும். முன்வருபவர் களைத்துப்போவார், அவரது நிழலில் வரும் மற்ற நால்வர் பயனடைவர். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் செல்லட்டும் என ஒரு கணம் தயங்கினர். அந்த ஒரு கணத்தில் இடைவெளி பெருகியது. பெருகிய இடைவெளியை மூடுவதற்கு முன்னிலும் அதிக உழைப்பு வேண்டும்; ஆகவே தயக்கமும் முன்னிலும் அதிகமாயிற்று. கடைசிச் சுற்றுக்கான மணி ஒலித்தபோது கென்னி எட்டாத் தொலைவில் இருந்தார். கடைசி வளைவில் அவருடைய கால்கள் தளர்ந்ததும் உண்மை. மற்றவர்கள் நெருங்கியதும் உண்மை. எனினும் 0.763 நொடி முந்தி அவர் எல்லையைக் கடந்தார். அவாங் இரண்டாமிடம், நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் மூன்றாமிடம். கென்னிக்கு அது ஏழாவது ஒலிம்பிக் தங்கம்.

எனவே கெய்ரினைக் காண்போர் கண் வைக்க வேண்டிய இடம் முன்செல்பவரன்று. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலுள்ள வெளி. டெர்னி விலகும்போது அந்த வெளி அரை வண்டி நீளமா, மூன்று வண்டி நீளமா என்பதிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

அணித் துரத்தல்: நால்வர் ஓட்டம், மூன்றாமவர் காலம்

அணித் துரத்தலில் காற்றை நால்வர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இரண்டு அணிகள் தளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும். 4 கிலோமீட்டர், பதினாறு சுற்று. எதிரணியைத் துரத்திப் பிடிப்பது என்பது பெயரில் உள்ளது. இறுதிப்போட்டியில் ஓரணி மற்றதைப் பிடித்துவிட்டால் ஓட்டம் அத்துடன் முடியும். ஆனால் இணையான அணிகளுக்கிடையே அது அரிது. அப்போது எந்த அணி குறைந்த நேரத்தில் முடிக்கிறதோ அதுவே வெல்லும்.

நால்வரும் ஒருவர் பின்சக்கரத்துக்கும் அடுத்தவர் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத நெருக்கத்தில் ஓடுவர். முன்னிருப்பவர் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ காற்றை ஏற்றபின் வளைவில் சாய்தளத்தின்மேல் ஏறுவார். மேடேறுவதால் அவருடைய வேகம் குறைகிறது. அந்தக் கணத்தில் மற்ற மூவரும் கறுப்புக் கோட்டை ஒட்டி அவருக்குக் கீழாகக் கடந்துசெல்வர். கடைசி ஆள் கடந்ததும் அவர் சரிவில் இறங்கி, இழந்த வேகத்தைச் சரிவிலேயே மீட்டு, வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார். சரியாகச் செய்யும்போது இது பார்ப்பதற்கு ஒரு தறியின் ஓட்டம்போல் எளிதாகத் தோன்றும். ஓர் அடி தாமதமாக இறங்கினால், நிழலை இழந்த அவர் அதை மீண்டும் பிடிப்பதற்கே தம் ஓய்வு நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கும்.

இனி விதியின் நுட்பம். அணியின் நேரம் முதலாமவர் எல்லையைக் கடக்கும்போது நிற்பதில்லை, நான்காமவருக்கும் நிற்பதில்லை. மூன்றாமவரின் முன்சக்கரம் கடக்கும்போது நிற்கிறது. ஆகவே நால்வரில் ஒருவரை இழக்கலாம். இருவரை இழக்க முடியாது. வலிமை மிக்க ஒருவர் தம் முறையில் வேகத்தை உயர்த்தினால் அணிக்கு நன்மை என்று தோன்றும். உயர்த்திய வேகத்தில் மூன்றாமவர் பிரிந்துபோனால் அத்தனையும் வீண். தன் வலிமையை எவ்வளவு காட்டுவது என்பதைவிட எவ்வளவு அடக்குவது என்பதே அங்கே கடினமான கலை.

மூன்றாமவர் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இசு அரங்கிலேயே ஒரு சான்று கிடைத்தது. ஆகஸ்டு 3 அன்று டென்மார்க்கும் பிரிட்டனும் மோதின. பிரிட்டனின் நால்வரில் ஒருவர் முன்பே விலகியிருந்தார். எஞ்சிய மூவரில் மூன்றாமவரும் முன்னிருவரைவிட்டுப் பிரிந்து தனியே பின்தங்கினார். டென்மார்க் அணியோ பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைவராக அப்போது ஓடிய பிரடெரிக் மேட்சன், காற்றைக் குறைப்பதற்காகத் தலையைத் தாழ்த்திச் சக்கரத்தைப் பார்த்தவாறே விரைந்தார். முன்னால் ஒருவர் இருப்பதை அவர் காணவில்லை. நேராகச் சென்று அவர்மீது மோதினார், இருவரும் விழுந்தனர். நீண்ட ஆய்வுக்குப்பின், துரத்திப் பிடித்துவிட்ட அணி டென்மார்க்கே என நடுவர்கள் அறிவித்தனர். தலை தாழ்த்தினால் காற்று குறையும். ஆனால் பாதை தெரியாது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பேரத்தை ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு கணமும் செய்துகொண்டிருக்கிறார்.

மறுநாள் இறுதிப்போட்டி. டென்மார்க்கும் இத்தாலியும். இத்தாலி அணியில் சிமோனே கொன்சோன்னி, பிரான்செஸ்கோ லாமோன், ஜொனாத்தன் மிலான், பிலிப்போ கன்னா. டென்மார்க் முன்னிலை பெற்றது. தொலைக்காட்சித் திரையில் ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் இரு அணிகளுக்கும் இடையிலான நேர வேறுபாடு தோன்றும். அணிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஓடுவதால் கண்ணால் மட்டும் பார்த்து யார் முந்துகிறார் என அறிய இயலாது. அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். 3,000 மீட்டரைக் கடந்தபோதும் அந்த எண் டென்மார்க்கின் பக்கமே இருந்தது.

முதற்சுற்று நிலையான தொடக்கமாதலால் இருபது நொடியளவு எடுக்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றும் சுமார் பதின்மூன்றரை நொடி. ஓர் அணியின் சுற்று நேரம் இரண்டு பத்தில் ஒரு நொடி கூடத் தொடங்கினால், கால்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். வேகமாகத் தொடங்கிய அணிக்கு அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் கடைசி நான்கு சுற்றில் வரும். இத்தாலி அந்த நான்கு சுற்றுக்காகத் தன் வலிமையைச் சேமித்து வைத்திருந்தது. அந்தச் சேமிப்பின் பெயர் கன்னா. தனிநபர் துரத்தலில் அதற்குமுன் நான்குமுறை உலகப் பட்டம் வென்றவர் அவர். முடிவு நெருங்கியபோது அவர் வரிசையின் முன்னால் வந்து காற்றை ஏற்றார்; பின்பு விலகவில்லை. திரையிலிருந்த வேறுபாடு அரைச்சுற்றுக்கு அரைச்சுற்று சுருங்கியது. அவருடைய சக்கரத்தைவிட்டு மூன்றாமவர் பிரியாமல் இருப்பாரா என்பதே அப்போது எஞ்சியிருந்த ஒரே வினா. பிரியவில்லை.

இத்தாலி 3 நிமிடம் 42.032 நொடி, டென்மார்க் 3 நிமிடம் 42.198 நொடி. வேறுபாடு 0.166 நொடி. நான்காயிரம் மீட்டரை 222.032 நொடியில் கடந்தால் சராசரி வேகம் நொடிக்கு 18 மீட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 0.166 நொடி என்பது மூன்று மீட்டர். நான்கு கிலோமீட்டர் ஓடியபின் மூன்று மீட்டர்! அது அந்நாளின் உலகச் சாதனை. 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப்பின் இப்போட்டியில் இத்தாலி வென்ற முதல் தங்கமும் அதுவே. சாதனை நிலைக்கவில்லை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணி அதை 3 நிமிடம் 40.730 நொடியாகக் குறைத்தது.

மேடிசன்: கைகோத்து எறிதல்

மூன்றினுள் முதன்முறை காண்போரைக் குழப்புவதில் மேடிசனுக்கு நிகரில்லை. முப்பது பேர் தளம் முழுவதும் பரவி ஓடுவர். சிலர் கீழே பாய்ந்துகொண்டிருப்பர். சிலர் மேலே உலாவுவதுபோல் மெல்லச் செல்வர். திடீரென ஒருவர் மற்றவரின் கையைப் பற்றி முன்னால் எறிவார். யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாமல் பலர் தொலைக்காட்சியை அணைத்துவிடுவதும் உண்டு. அவ்வாறு அணைப்பது இழப்பு.

இதன் தொடக்கம் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் அரங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆறு நாள் தொடர் பந்தயங்கள் நடந்தன. தனியொருவர் உறக்கத்தைத் துறந்து நாளெல்லாம் ஓட்டுவார். களைப்பின் மிகுதியால் மனம் பேதலித்தவர்களும் உண்டு. மக்கள் பணம் கொடுத்துக் காணச் சென்றது வேகத்தை அன்று, வீரர்கள் சரிந்து விழுவதை என்று சொல்லலாம். ஒருவர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடக்கூடாது என 1898இல் சட்டம் வந்தது. பந்தயம் நடத்துவோர் இருபத்துநான்கு மணி நேர வருவாயை விடவும் மனமில்லாமல், இருவரை ஓரணியாக்கி மாறிமாறி ஓடச்செய்தனர். இரக்கத்துக்காக இயற்றிய சட்டத்திலிருந்து, கணக்குப் பார்த்தவர்கள் கண்டெடுத்த விளையாட்டு இது. அரங்கின் பெயரே போட்டிக்கும் நிலைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘அமெரிக்கன்’ என்னும் பொருள்படவே அழைக்கின்றனர்.

இன்றைய ஒலிம்பிக் மேடிசனில் ஆடவர் 50 கிலோமீட்டர், 200 சுற்று ஓடுவர். மகளிர் 30 கிலோமீட்டர், 120 சுற்று. ஓரணியின் இருவரும் எப்போதும் தளத்திலேயே இருப்பர். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பந்தயத்தில் உள்ளவர். மற்றவர் மேற்பகுதியில் மெல்லச் சுற்றி மூச்சு வாங்குவார். ஓடும் வீரர் தம் இணையரை நெருங்கும்போது, இணையர் சரிவில் இறங்கி வேகமெடுப்பார். ஓடி வந்தவர் அவருடைய கையைப் பற்றி முன்னோக்கி எறிவார். வந்தவரின் வேகத்தில் ஒரு பகுதி எறியப்பட்டவருக்குச் செல்கிறது. எறிந்தவர் தளர்ந்து மேலேறுகிறார். ஒற்றைக் கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், சுற்றிலும் பத்துப் பேர் இதையே செய்துகொண்டிருக்கும் நெரிசலில் நிகழும் செயல் இது. கை நழுவினால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். சக்கரங்கள் உரசினால் ஓரணி மட்டும் விழுவதில்லை.

மதிப்பெண் முறை கடினமன்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை விரைவோட்டம். முதல் நால்வருக்கு முறையே 5, 3, 2, 1. கடைசி விரைவோட்டத்துக்கு மட்டும் இரட்டிப்பு. இவற்றைவிடப் பெரியது வேறொன்று: கூட்டத்தைவிட்டுப் பிரிந்து சென்று, ஒரு முழுச்சுற்று முந்தி, கூட்டத்தின் வாலை மீண்டும் எட்டிப்பிடிக்கும் அணிக்கு 20. ஒரு சுற்று பின்தங்கினால் 20 கழிவு. நான்கு விரைவோட்டங்களை வெல்வதும் ஒரு சுற்று முந்துவதும் ஒரே மதிப்பு. எனவே ஒவ்வோர் அணியும் சிறுசிறு சேமிப்பா, ஒரே பாய்ச்சலா என்று கணக்கிட்டவாறே ஓடுகிறது. இந்தக் கணக்கை இரைச்சலுக்கும் களைப்புக்கும் நடுவே, எறிதலின்போது கிடைக்கும் ஒரு நொடியில், ஓரிரு சொல்லில் இருவரும் பேசி முடிக்க வேண்டும்.

டோக்கியோவில் மகளிர் மேடிசன் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பிரிட்டனின் கேட்டி ஆர்ச்சிபால்டும் லாரா கென்னியும் பன்னிரண்டு விரைவோட்டங்களில் பத்தை வென்று 78 புள்ளி குவித்தனர். இரண்டாமிடம் பெற்ற டென்மார்க்குக்கு 35. அது ஒருதலையான வெற்றி. போட்டியின் உண்மையான இறுக்கத்தை அறிய விரும்புவோர் மறுநாள் நடந்த ஆடவர் மேடிசனைக் காண வேண்டும். அதில் டென்மார்க் 43, பிரிட்டன் 40, பிரான்சு 40. இருநூறு சுற்றுக்குப்பின் மூன்று அணிகளும் மூன்று புள்ளிக்குள். சமநிலையில் நின்ற இரண்டு அணிகளுள் கடைசி விரைவோட்டத்தில் முன்னே வந்த பிரிட்டனுக்கு வெள்ளி, பிரான்சுக்கு வெண்கலம். தங்கம் வென்ற டென்மார்க் இணையருள் ஒருவர் லாஸ்ஸ நோர்மன் ஹான்சென். மூன்று நாளுக்கு முன், மூன்று மீட்டரில் அணித் துரத்தலை இழந்த நால்வருள் அவரும் ஒருவர். அவருடைய இணை மைக்கேல் மோர்கோவுக்கு அப்போது வயது 36. சாலைப் பந்தயங்களில், தம் அணியின் விரைவோட்ட வீரருக்கு இறுதி நூற்றுக்கணக்கான மீட்டர்களில் காற்றை விலக்கிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்.

மேடிசனைப் புதிதாகக் காண்போர்க்கு ஒரு வழி உண்டு. மேலே உலாவுவோரை முற்றிலும் மறந்துவிட வேண்டும். சரிவின் கீழ்ப்பகுதியில் விரைவோரை மட்டும் பார்க்க வேண்டும். அவர்களுள் ஏதேனும் ஓரணியைத் தேர்ந்து, அதன் எண்ணை மனத்தில் இருத்தி, அந்த எண் கைமாறும் இடத்தை மட்டும் பத்துச் சுற்று தொடர வேண்டும். நல்ல இணையர் எறியும்போது, எறியப்பட்டவர் கூட்டத்தின் வேகத்துக்குக் குறையாமல் நேராக முன்னவரின் நிழலில் சென்று விழுவார். களைத்த இணையரோ கைகோக்கும் முன்பே தடுமாறுவர். எறிதலுக்குப்பின் இரண்டு வண்டி நீளம் வெளியாகத் திறந்திருக்கும். அந்த வெளி கண்ணில் படத் தொடங்கிய அணி, இன்னும் சில சுற்றில் கூட்டத்தின் வாலில் தனியாக, காற்றைத் தானே பிளந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.